குழு முன்பதிவை மறுக்கும் மின்னஞ்சல்: மாற்றுத் தேதியை எழுதும் முன் அந்த அறைகளைப் பிடித்து வைக்க வேண்டுமா?

ஜூன் 9, காலை 10.20, முன்பதிவு மேசை

அறுபது அறைகள் உள்ள விடுதியில் குழு முன்பதிவுகளைப் பார்த்துக்கொள்கிறேன். இன்று காலை வந்த கோரிக்கை இது: 42 பேர், 22 அறைகள். அவற்றில் 20 அறைகளில் தனித்தனிக் கட்டில்கள் வேண்டும், அதாவது ட்வின். மீதி 2 அறைகள் குழுத் தலைவருக்கும் ஓட்டுநருக்கும் ஒற்றையாக. செப்டம்பர் 11 வியாழன் வருகை, 14 ஞாயிறு புறப்பாடு. வியாழன் இரவு 31 அறைகளும் வெள்ளி இரவு 27 அறைகளும் காலியாக உள்ளன. சனி இரவு 6 மட்டுமே உள்ளன. எனவே மறுத்துத்தான் எழுத வேண்டும்.

என் கருத்து என்னவென்றால், மறுப்பு முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். அதன் பிறகு மாற்றுத் தேதிகளையும் எங்களோடு உடன்பாடு உள்ள இரண்டு விடுதிகளையும் சொன்னால் போதும். வரைவு இப்படி இருக்கிறது:

"செப்டம்பர் 11 முதல் 14 வரை எங்கள் விடுதி நிரம்பிவிட்டதால் தங்கள் குழுவுக்கு இடமளிக்க இயலவில்லை. செப்டம்பர் 14 முதல் 17 வரை, அல்லது 18 முதல் 21 வரை அறைகள் உள்ளன. அதே தேதிகள்தான் வேண்டுமென்றால் கீழ்க்கண்ட இரண்டு விடுதிகளைத் தொடர்புகொள்ளலாம்."

மேலாளர், கேட்காத தேதிகளுக்கு அறைகளை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை என்கிறார். நிறுத்தி வைக்காமல் ஒரு தேதியைப் பரிந்துரைப்பது சரியா என்பதே என் கேள்வி.

ஜூன் 9, காலை 11.05, வருவாய்ப் பிரிவு

கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் வரைவின் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். உங்கள் விடுதி 11 முதல் 14 வரை நிரம்பவில்லை. சனி இரவு ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது. "மூன்று இரவும் இடமில்லை" என்று படிக்கிறவர் அந்த வாரத்தையே கைவிட்டுவிடுவார். "13ஆம் தேதி சனி இரவுக்கு மட்டும் 22 அறைகள் இல்லை" என்று படிக்கிறவர் தம் பயணத் திட்டத்தை எடுத்து, சனிக்கிழமையை நகர்த்த முடியுமா என்று பார்ப்பார். திட்டம் எவ்வளவு வளையும் என்பது அவருக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அதனால் எந்த இரவு தடையாக இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்படிச் சொல்லும்போது உங்கள் வரைவில் இல்லாத ஒரு மாற்று தெரிகிறது. வியாழனும் வெள்ளியும் காலியாக இருப்பதால், ஒரு நாள் முன்னதாக 10 புதன் வந்து 13 சனி காலை புறப்படலாம். கேட்ட மூன்று இரவுகளில் இரண்டு அப்படியே இருக்கின்றன. புதன் இரவுக் கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, எண்ணிக்கையை மொத்த அறைகளில் பார்க்காதீர்கள், கட்டில் வகையில் பாருங்கள். 20 ட்வின் கேட்ட குழுவுக்கு 29 காலி அறைகள் இருந்தும் அவற்றில் 15தான் ட்வின் என்றால் அது மாற்றுத் தேதியே அல்ல. அதை எழுதி, அவர்கள் ஒப்புக்கொண்டு, அதன் பிறகு இன்னொரு முறை மறுத்து எழுத நேர்ந்தால் அந்த ஏற்பாட்டாளர் மறுபடி உங்களிடம் வரமாட்டார்.

ஜூன் 9, காலை 11.40, சிறு விடுதி உரிமையாளர்

இதில் மறுப்பதற்கே அவசியமில்லை என்பது என் எண்ணம். 22 என்று கேட்கிற குழு கடைசியில் 18க்கு இறங்கும். அது எல்லாக் குழுவிலும் நடக்கிறது. ஏற்றுக்கொண்டு விட்டால் பயண நாளுக்குள் இடம் தானாகவே பொருந்திவிடும்.

ஜூன் 9, நண்பகல் 12.25, வருவாய்ப் பிரிவு

குழுக்களின் எண்ணிக்கை குறையும் என்பது உண்மைதான், அதை நானும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அறைகளை விற்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு இந்த இடத்தில் உதவாது. முதல் காரணம் அளவு: 22 அறைகள் 18 ஆகும் என்று வைத்துக்கொண்டாலும் உங்களிடம் இருப்பது 6 தான், இன்னும் 12 அறைகள் இல்லை. இரண்டாவது காரணம் காலம்: குழுவின் பெயர்ப் பட்டியல், அதாவது ரூமிங் லிஸ்ட், கையில் வரும்போதுதான் உண்மையான எண்ணிக்கை தெரியும், பெரும்பாலும் அது வருகைக்குச் சில வாரங்கள் முன்புதான் வரும். அப்போது எண்ணிக்கை குறையவில்லையென்றால், ஒரே பேருந்தில் வந்திறங்கும் 42 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களை இரவோடு இரவாக வேறு விடுதிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். தனி விருந்தினர் ஒருவரை இடம் மாற்றி அனுப்பும்போது வண்டி ஏற்பாடு செய்து, மன்னிப்புக் கேட்டு, ஓர் இரவுக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு சமாளிக்கலாம். பேருந்துக் குழுவிடம் அப்படிச் செய்ய வழியே இல்லை.

ஜூன் 9, நண்பகல் 12.50, சிறு விடுதி உரிமையாளர்

என்னிடம் 14 அறைகள்தான். பெரிய குழுக்கள் என்னிடம் வந்ததில்லை, ஆகவே 12 அறைகள் குறையும் கணக்கை நான் அந்த அளவில் பார்த்ததில்லை. ஓரிரு அறைகள் குறைவாக இருக்கும்போது நான் சொன்னது பொருந்தும் என்பதை இப்போதும் நம்புகிறேன்.

ஜூன் 9, பிற்பகல் 2.15, சுற்றுலாச் சங்கச் செயலர்

போன ஆண்டு எங்கள் சங்கத்துக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தது. முன்பணம் கட்டி, உறுதிக் கடிதமும் கையில் வைத்திருந்த நிலையில், "தேதிகள் நிரம்பிவிட்டன" என்று எழுதிவிட்டார்கள். முன்பணம் திரும்பி வரவே பல வாரங்கள் ஆயின. அந்த மின்னஞ்சலில் முன்பணம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நீங்கள் எழுதும்போது, பணம் எப்போது திரும்பும் என்பதை முதலில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 9, பிற்பகல் 2.40, முன்பதிவு மேசை

செயலருக்கு: இது இன்னும் கோரிக்கை நிலையில்தான் இருக்கிறது. பணம் எதுவும் வாங்கவில்லை, உறுதியும் கொடுக்கவில்லை. உங்களுக்கு நடந்தது உறுதி செய்த முன்பதிவை விடுதியே ரத்து செய்தது. அங்கே பணத்தைத் திருப்புவதும், வேறு இடம் பிடித்துத் தருவதும் விடுதியின் கடமையாகிவிடுகிறது. ஆனால் உங்கள் குறிப்பிலிருந்து நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன்: "தங்களிடமிருந்து முன்பணம் எதுவும் பெறப்படவில்லை, இந்தக் கோரிக்கை தொடர்பாகத் தாங்கள் ரத்து செய்ய வேண்டியதும் ஏதுமில்லை" என்று ஒரு வரி சேர்த்தால், பல விடுதிகளுக்கு ஒரே நேரத்தில் எழுதியிருக்கும் ஏற்பாட்டாளருக்குத் தெளிவாக இருக்கும்.

வருவாய்ப் பிரிவுக்கு: கட்டில் வகையில் எண்ணிப் பார்த்தேன். எங்களிடம் மொத்தம் 26 ட்வின் அறைகள்தான் உள்ளன.

10 புதன் முதல் 13 சனி வரை: புதன் இரவு 24 அறைகள் காலி, அவற்றில் 21 ட்வின். வியாழனும் வெள்ளியும் அதைவிடத் தாராளம். மயிரிழையில் பொருந்துகிறது.

14 ஞாயிறு முதல் 17 புதன் வரை: மூன்று இரவும் 35க்கு மேல் காலி, ட்வின் எந்த இரவிலும் 23க்குக் குறையவில்லை.

18 வியாழன் முதல் 21 ஞாயிறு வரை: சனி இரவு 29 அறைகள் காலியாக இருந்தும் ட்வின் 17தான். காலையில் நான் எழுதிய வரைவு இந்தத் தேதியை எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுக்கிறது, அதை அப்படி அனுப்ப முடியாது. டபுள் அறைகளில் நான்கு அறைகளில், ஒவ்வொன்றிலும் இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டு ஒரே மெத்தை விரிப்பு விரித்திருக்கிறோம், அவற்றைப் பிரித்துப் போடலாம். அப்போது 21 ஆகும். அறைப் பராமரிப்புப் பிரிவிடம் கேட்டேன், முன்கூட்டியே சொன்னால் முடியும் என்றார்கள்.

ஜூன் 9, மாலை 6.30, பயண ஏற்பாட்டாளர்

நான் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவள். ஆண்டு முழுவதும் இத்தகைய கோரிக்கைகளை விடுதிகளுக்கு அனுப்புவதும் பதில்களைக் குழுவிடம் கொண்டுபோவதும் என் வேலை. இரண்டு விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

நாங்கள் 20 ட்வின் என்று எழுதுவது பல வேளைகளில் எச்சரிக்கைக்காகத்தான். கோரிக்கை அனுப்பும் கட்டத்தில் யார் யார் வருகிறார்கள் என்பதே முடிவாகியிருக்காது. தம்பதியர் ட்வின் அறையில் தங்கிக்கொள்வார்கள், ஆனால் நண்பர் இருவரை ஒரே கட்டிலில் தங்கச் சொல்ல முடியாது. ஆகவே எல்லாவற்றையும் ட்வின்னாகக் கேட்டுவைப்போம். மறுக்கும் முன் "இவற்றில் எத்தனை அறைகள் டபுளாக இருக்கலாம்" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், "இடமில்லை" என்று வந்த பதில்கள் சிலவற்றில் இடம் இருந்திருக்கும்.

அடுத்தது, மாற்றுத் தேதி கையில் வந்தவுடன் நான் பதில் சொல்லிவிட முடியாது. குழுவின் பொறுப்பாளர்களிடம் அனுப்ப வேண்டும், பேருந்து நிறுவனத்திடம் அந்தத் தேதி கிடைக்குமா என்று கேட்க வேண்டும், அடுத்த ஊரில் பிடித்து வைத்த விடுதியையும் நகர்த்த வேண்டும். அதற்கு வேலைநாள்களில் மூன்று நான்கு நாள் ஆகும். அத்தனையும் செய்து முடித்து, "அந்தத் தேதியை எடுத்துக்கொள்கிறோம்" என்று எழுதும்போது "நேற்றுதான் போயிற்று" என்று பதில் வந்தால், எனக்கு வேலை இரண்டு மடங்காகிறது. குழுவிடம் என் சொல்லுக்கும் மதிப்புக் குறைகிறது. பிடித்து வைக்கவில்லை என்றால் வைக்கவில்லை என்றே எழுதுங்கள். அப்போது நான் குழுவிடம் அந்தத் தேதியை வேறு விதமாகச் சொல்வேன்.

ஜூன் 9, இரவு 8.10, வருவாய்ப் பிரிவு

இப்போது மூலக் கேள்விக்கு வரலாம். உங்கள் மேலாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் மூன்று தேதிகளுக்கும் ஒரே விடை கிடையாது.

10 முதல் 13 வரையிலான மாற்றுக்குப் புதன் இரவில் தேவைக்கு மேல் 2 அறைகளும் ஒரே ஒரு ட்வின்னும்தான் மிஞ்சுகின்றன. பிடித்து வைக்காமல் இதைப் பரிந்துரைத்தால், நாளைக்கே இணையத்தில் மூன்று பேர் முன்பதிவு செய்து அதைப் பொய்யாக்கிவிடுவார்கள். எனவே இதைப் பிடித்து வையுங்கள், ஆனால் குறுகிய காலத்துக்கு. அடுத்த திங்கள் 16ஆம் தேதி மாலை வரை போதும். அது இலவச ஹோல்டு, அவர்கள் பணம் கட்ட வேண்டியதில்லை, கெடு முடிந்ததும் அறைகள் தாமாகவே விற்பனைக்குத் திரும்பிவிட வேண்டும். செப்டம்பர் புதன்கிழமையை ஜூன் மாதத்தில் ஒரு வாரம் மூடி வைப்பதால் பெரும்பாலான விடுதிகளுக்கு இழப்பு இராது.

14 முதல் 17 வரை அறைகள் ஏராளம். அதைப் பிடித்து வைத்தாலும் வைக்காவிட்டாலும் 16ஆம் தேதிக்குள் நிலைமை மாறப்போவதில்லை. "பிடித்து வைக்கவில்லை, ஆனால் இன்றைய நிலையில் போதுமான அறைகள் உள்ளன" என்று எழுதலாம்.

18 முதல் 21 வரை வார இறுதி. அங்கே சனி இரவை, அதுவும் கட்டில்களைப் பிரித்துப் போட்டால்தான் பொருந்தும் ஓர் இரவை, கேட்காத குழுவுக்காக மூடி வைப்பதை நானும் ஆதரிக்கமாட்டேன். இதை மூன்றாவதாக, நிபந்தனையோடு சொல்லுங்கள். அல்லது சொல்லாமலே விடுங்கள். நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

ஜூன் 10, காலை 9.35, முன்பதிவு மேசை

மேலாளரிடம் புதன் முதல் வெள்ளி வரை 22 அறைகளை 16ஆம் தேதி மாலை 5 மணி வரை பிடித்து வைக்க ஒப்புதல் வாங்கிவிட்டேன். 18 முதல் 21 வரையிலான தேதியை விட்டுவிட நினைத்தேன், பிறகு வேறு மாதிரி தோன்றியது. ஏற்பாட்டாளர் சொல்வதுபோல் அந்தக் குழுவில் மூன்று தம்பதியர் இருந்தாலே 17 ட்வின் போதும், கட்டில்களைப் பிரிக்க வேண்டியதே இல்லை. அவர்களுக்கு வார இறுதிதான் வேண்டும் என்றால் அது ஒன்றுதான் எங்களிடம் உள்ள வார இறுதி. ஆகவே ஒரு கேள்வியாக அதைச் சேர்க்கப்போகிறேன்.

இனி உடன்பாட்டு விடுதிகள். ஒன்று எங்களிடமிருந்து பத்து நிமிட நடை, 25 அறைகள், அவற்றில் 12 ட்வின். மற்றொன்று 80 அறைகள், பேருந்தில் 40 நிமிடம். முதல் விடுதி முழுக் குழுவையும் ஏற்க முடியாது. குழுவைப் பிரித்து, 6 அறைகள் எங்களிடம், 16 அறைகள் அங்கே என்று பரிந்துரைக்கலாமா?

ஜூன் 10, காலை 10.15, வருவாய்ப் பிரிவு

கட்டில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே 12 ட்வின் என்றால் இன்னும் 8 ட்வின் உங்களிடம் வேண்டும், உங்களிடம் சனி இரவு இருப்பதே 6 அறைகள். தம்பதியர் எண்ணிக்கை தெரியாமல் இதைச் சொல்ல முடியாது. சொல்வதானாலும், முதல் இரண்டு இரவு எல்லோரும் உங்களிடம் தங்கி மூன்றாம் இரவு மட்டும் 16 அறைக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாறுவது என்ற திட்டத்தை எழுத வேண்டாம். பிரிப்பதென்றால் மூன்று இரவும் அதே ஆட்கள் அதே விடுதியில் இருக்க வேண்டும்.

உடன்பாட்டு விடுதியின் பெயரை எழுதும் முன் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, 11 முதல் 14 வரை 22 அறைகள், 20 ட்வின் உள்ளனவா என்று கேட்டீர்களா? உங்களுக்கு நிரம்பிய சனிக்கிழமை அவர்களுக்கும் நிரம்பியிருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஜூன் 10, காலை 10.40, பயண ஏற்பாட்டாளர்

பிரிப்பதைப் பற்றி: பள்ளிக் குழு என்றால் முடியவே முடியாது, பொறுப்பாசிரியர்கள் ஒப்பமாட்டார்கள். முதியோர் குழு என்றால் பேருந்து இரண்டு வாசல்களில் நிற்க வேண்டும், காலையில் கிளம்ப நேரமாகும், யாராவது ஒருவர் தவறான விடுதியில் கண்ணாடியை விட்டுவிட்டு வருவார். விளையாட்டுக் குழுக்கள் சில ஏற்றுக்கொள்ளும். எந்த வகைக் குழு என்று தெரியாமல் பிரிக்கும் யோசனையை மின்னஞ்சலில் எழுத வேண்டாம்.

விடுதியின் பெயரோடு, அது உங்கள் விடுதியிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும். பேருந்து நிறுத்த இடம் உண்டா, லிஃப்ட் உண்டா, குழுவுக்கு இரவு உணவு உள்ளேயே கிடைக்குமா, காலை உணவு எத்தனை மணிக்கு என்பவையே என் முதல் கேள்விகள்.

ஜூன் 10, பிற்பகல் 1.20, முன்பதிவு மேசை

இரண்டு இடங்களுக்கும் பேசினேன். அருகில் உள்ள விடுதியில் அந்தச் சனிக்கிழமை 3 அறைகள்தான் மிச்சம். பிரிக்கும் யோசனை அதோடு முடிந்தது, அந்த விடுதியின் பெயரும் மின்னஞ்சலிலிருந்து நீங்கிவிட்டது. 80 அறை விடுதியில் மூன்று இரவும் 22 அறைகள், 20 ட்வின் உள்ளன. பேருந்து நிறுத்தமும் லிஃப்டும் உண்டு. ஆனால் காலை உணவு 7.30க்குத்தான் தொடங்கும். குழு தன் கோரிக்கையிலேயே "காலை 7 மணிக்குக் கிளம்ப வேண்டும்" என்று எழுதியிருந்தது. கேட்டபோது, பொட்டலமாகக் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். 16ஆம் தேதி வரை அவர்களும் அறைகளைப் பிடித்து வைப்பதாகச் சொன்னார்கள், குழுவின் பெயரையும் பொறுப்பாளரின் எண்ணையும் கேட்டார்கள். அனுமதி வாங்காமல் தர இயலாது என்று சொல்லி, "42 பேர் கொண்ட குழு" என்ற குறிப்பிலேயே பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 10, பிற்பகல் 2.05, சிறு விடுதி உரிமையாளர்

எண்ணைக் கொடுத்திருந்தால் அவர்களே பேசி முடித்திருப்பார்களே. குழுவுக்கும் அது வசதிதான்.

ஜூன் 10, பிற்பகல் 2.30, பயண ஏற்பாட்டாளர்

வசதியில்லை. நான் ஒரு விடுதிக்கு எழுதினால், நான் கேட்காத இன்னொரு விடுதி என்னை அழைப்பது எனக்குத் தொந்தரவு. அதைவிட, சில வேளைகளில் நான் குழுவின் பெயரை வெளியிடக் கூடாது என்ற உடன்பாட்டில் வேலை செய்வேன். என்னைக் கேட்ட பிறகு கொடுங்கள்.

ஜூன் 10, மாலை 4.45, முன்பதிவு மேசை

இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. சனி இரவு 6 என்று நான் சொன்னது, வேறொரு குழு பணம் கட்டாமல் பிடித்து வைத்திருக்கும் 18 அறைகளைக் கழித்த பிறகு உள்ள கணக்கு. அவர்களுடைய கெடு ஜூன் 20. அவர்கள் விட்டுவிட்டால் 24 ஆகும், இந்தக் குழுவுக்குப் போதும். இதை மின்னஞ்சலில் சொல்வதா?

ஜூன் 10, மாலை 5.20, வருவாய்ப் பிரிவு

முதலில் செய்ய வேண்டியது முதல் குழுவிடம் பேசுவது. "அதே தேதிக்கு இன்னொரு கோரிக்கை வந்திருக்கிறது, 20ஆம் தேதிக்கு முன்பே தங்கள் முடிவைச் சொல்ல இயலுமா" என்று கேட்கலாம். ஆனால் உங்கள் ஹோல்டு ஒப்பந்தத்தில் அப்படி முன்னதாகக் கேட்கும் உரிமை எழுதப்படாவிட்டால், 20ஆம் தேதி வரை அறைகள் அவர்களுடையவை. வேண்டுகோளாகக் கேட்கலாமே தவிர நெருக்க முடியாது.

மின்னஞ்சலில் சொல்வதைப் பொறுத்தவரை, நான் சொல்லமாட்டேன். "ஒருவேளை கிடைக்கலாம்" என்ற ஒரு வரி இருந்தால் படிக்கிறவர் அதையே பற்றிக்கொண்டு மாற்றுத் தேதிகளைப் பார்க்காமல் விட்டுவிடுவார். 16ஆம் தேதி உங்கள் ஹோல்டு போய்விடும், 20ஆம் தேதி முதல் குழு பணம் கட்டிவிடும், இரண்டும் இல்லாமல் போகும்.

ஜூன் 10, மாலை 5.50, பயண ஏற்பாட்டாளர்

இதில் நான் மாறுபடுகிறேன். சொல்லுங்கள், ஆனால் கெடுவோடு சொல்லுங்கள். "ஜூன் 20 அன்று தெரியவரும், தாங்கள் விரும்பினால் காத்திருப்புப் பட்டியலில் சேர்க்கிறோம், அதை நம்பி மாற்று ஏற்பாட்டைத் தள்ளிவைக்க வேண்டாம்" என்று எழுதினால் என்னால் அளந்து முடிவு செய்ய முடியும். சொல்லாமல் விட்டு, 21ஆம் தேதி அந்த அறைகள் இணையத்தில் விற்பனைக்கு வருவதை நான் பார்த்தால், எனக்கு உண்மை சொல்லப்படவில்லை என்றுதான் நினைப்பேன்.

ஜூன் 10, மாலை 6.15, வருவாய்ப் பிரிவு

நீங்கள் அளந்து முடிவு செய்வீர்கள். எல்லா ஏற்பாட்டாளர்களும் அப்படியில்லை. நான் என் நிலையில்தான் இருக்கிறேன், ஆனால் குழுவின் தேதி திருமணம், மாநாடு போன்ற நகராத நிகழ்ச்சியோடு கட்டப்பட்டிருந்தால் நீங்கள் சொல்வதே சரி. அப்போது அவர்களுக்கு மாற்றுத் தேதி பயனற்றது, காத்திருப்புப் பட்டியல்தான் பயன்.

ஜூன் 11, காலை 9.10, முன்பதிவு மேசை

முதல் குழுவை நேற்று மாலையே அழைத்தேன். 20க்கு முன் முடிவு சொல்ல இயலாது என்றார்கள். காத்திருப்பை ஒரே வரியில், கடைசியில், கெடுவோடு சேர்த்திருக்கிறேன். இப்போது மின்னஞ்சல் இது:

பொருள்: செப்டம்பர் 11–14, 22 அறைகள்: சனி இரவு இடமில்லை, செப்டம்பர் 10–13 ஜூன் 16 வரை தங்களுக்காக

"செப்டம்பர் 11 முதல் 14 வரை 22 அறைகளுக்கான தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை. 13ஆம் தேதி சனி இரவு எங்களிடம் 6 அறைகள் மட்டுமே உள்ளன. வியாழன், வெள்ளி இரவுகளில் தடையில்லை.

எனவே ஒரு நாள் முன்னதாக, செப்டம்பர் 10 புதன் முதல் 13 சனி வரை, 20 ட்வின் உள்ளிட்ட 22 அறைகளை ஜூன் 16 திங்கள் மாலை 5 மணி (எங்கள் நேரம்) வரை தங்களுக்காகக் கட்டணமின்றிப் பிடித்து வைத்துள்ளோம். செப்டம்பர் 14 ஞாயிறு முதல் 17 புதன் வரையிலும் போதுமான அறைகள் உள்ளன. அவற்றைப் பிடித்து வைக்கவில்லை. வார இறுதியே தேவையென்றால், 18 முதல் 21 வரை 17 ட்வின் அறைகள் உள்ளன. தங்கள் குழுவில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் டபுளாக இருக்கலாமா என்று தெரிவித்தால் உறுதி செய்கிறோம்.

தேதியை மாற்ற இயலாதென்றால், எங்களோடு உடன்பாடு உள்ள ஒரு விடுதியில் செப்டம்பர் 11 முதல் 14 வரை 22 அறைகளும் கிடைப்பதை நேற்று உறுதி செய்தோம். அவர்களும் ஜூன் 16 வரை பிடித்து வைத்துள்ளனர். எங்கள் விடுதியிலிருந்து பேருந்தில் 40 நிமிடத் தொலைவு. பேருந்து நிறுத்தமும் லிஃப்டும் உண்டு. காலை உணவு 7.30க்குத் தொடங்குவதால், தாங்கள் 7 மணிக்குக் கிளம்பும் நாள்களில் பொட்டலமாகத் தர இசைந்துள்ளனர். கட்டணத்தை அவர்களே தெரிவிப்பார்கள். தாங்கள் அனுமதித்தால் மட்டுமே தங்கள் பெயரையும் எண்ணையும் அவர்களிடம் தருவோம்.

சனி இரவு அறைகள் சில ஜூன் 20 அன்று விடுபடலாம், உறுதியில்லை. விரும்பினால் காத்திருப்பில் சேர்க்கிறோம். அதற்காக மேற்கண்டவற்றைத் தள்ளிவைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

தங்களிடமிருந்து முன்பணம் பெறப்படவில்லை. ரத்து செய்ய வேண்டியதும் ஏதுமில்லை."

விடுதியின் பெயரை இங்கே நீக்கியிருக்கிறேன், மின்னஞ்சலில் இருக்கிறது.

ஜூன் 11, காலை 9.50, சுற்றுலாச் சங்கச் செயலர்

எனக்கு இப்படி ஒன்று வந்திருந்தால் அன்றே குழுவில் படித்துக் காட்டியிருப்பேன். ஒரு கேள்வி: அந்த விடுதிக்கு அனுப்புவதற்காக உங்களுக்குத் தரகு கிடைக்கிறதா? கிடைத்தால் அதைச் சொல்ல வேண்டாமா?

ஜூன் 11, காலை 10.30, முன்பதிவு மேசை

கிடைக்கிறது, சிறிய பங்கு. மேலாளர் அதைக் குறிப்பிட வேண்டியதில்லை என்கிறார். குழு கொடுக்கும் கட்டணம் அதனால் மாறுவதில்லை என்பது அவர் வாதம். எனக்கு அதில் மன நிறைவில்லை. "எங்களோடு உடன்பாடு உள்ள" என்ற சொற்கள் பொருளாதார உறவைக் காட்டப் போதுமா என்பதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 11, காலை 11.00, பயண ஏற்பாட்டாளர்

எனக்கும் பல இடங்களில் தரகு வருகிறது, நான் என் குழுக்களிடம் சொல்லிவிடுகிறேன். "இவ்விடுதியிலிருந்து எங்களுக்குப் பரிந்துரைத் தொகை உண்டு" என்ற ஒரு வரியால் எந்த முன்பதிவும் நின்றதாக எனக்கு நினைவில்லை.

ஜூன் 11, காலை 11.20, வருவாய்ப் பிரிவு

கெடுவுக்கு "எங்கள் நேரம்" என்று எழுதியிருப்பது நல்லது. பொருள் வரி நீளம். கைபேசியில் "சனி இரவு இடமில்லை" என்பதோடு வெட்டப்பட்டுவிடும். ஹோல்டை முன்னால் கொண்டுவந்து "செப்டம்பர் 10–13 தங்களுக்காக, 11–14 இடமில்லை" என்று மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

ஜூன் 11, காலை 11.45, முன்பதிவு மேசை

மாற்றி அனுப்பிவிட்டேன். தரகு பற்றிய வரியையும் சேர்த்தேன். மேலாளர் இந்த ஒரு முறைக்கு ஒப்புக்கொண்டார்.

ஜூன் 16, மாலை 3.30, முன்பதிவு மேசை

பதில் வந்தது. குழுவில் ஐந்து தம்பதியர். சனிக்கிழமை அவர்களுக்கு முக்கியம், ஆனால் எந்த வாரத்துச் சனிக்கிழமை என்பது முக்கியமில்லை. ஆகவே 18 முதல் 21 வரை, 15 ட்வின், 7 டபுள் கேட்டிருக்கிறார்கள். நான் முதலிடத்தில் வைத்த 10–13 அவர்களுக்குப் பொருந்தவே இல்லை. 18–21ஐ நாங்கள் பிடித்து வைக்கவில்லை. இந்த வாரத்தில் இரண்டு டபுள் அறைகள் போய், சனி இரவு 27 மிச்சம் இருந்ததால் பிழைத்தது.

10–13 அறைகளை விடுவித்தேன். 80 அறை விடுதிக்கும் உடனே சொல்லிவிட்டேன். அவர்கள் 5 மணி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஜூன் 16, மாலை 4.10, வருவாய்ப் பிரிவு

18–21ஐ விட்டுவிடச் சொன்னது நான்தான், நீங்கள் சேர்த்தது பலன் தந்தது. ஆனால் அடுத்த முறை வார இறுதியைப் பிடித்து வைக்க வேண்டும் என்ற முடிவுக்கு இதிலிருந்து வர முடியாது. இந்தச் சனிக்கிழமை மெதுவாக விற்றது, வேறொரு சனிக்கிழமை அப்படி இராது. அதைவிடப் பயனுள்ளது, கோரிக்கைப் படிவத்திலேயே இரண்டு கேள்விகளைச் சேர்ப்பது: தேதியில் எது நகரக் கூடாது, வாரமா கிழமையா, ட்வின் கேட்டவற்றில் எத்தனை டபுளாக இருக்கலாம். மறுத்த கோரிக்கைகளின் பதிவேட்டிலும் இதை "11–14 நிரம்பியது" என்று எழுதாமல் "13 சனி இரவு, 16 அறைகள் குறைவு" என்று எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அந்தச் சனிக்கிழமைக்கு 18 அறைகளைப் பணமில்லாமல் எத்தனை நாள் பிடித்து வைக்க விடலாம் என்று முடிவு செய்யும்போது அந்த வரி தேவைப்படும்.

ஜூன் 21, காலை 9.15, முன்பதிவு மேசை

முதல் குழு நேற்று 18 அறைகளில் 11க்கு மட்டும் முன்பணம் கட்டியது. விடுபட்ட 7 அறைகளையும் சேர்த்தால் சனி இரவுக்கு 13 ஆகும். காத்திருப்பில் இருந்திருந்தாலும் 22க்குப் போதியிருக்காது. படிவத்தில் இரண்டு கேள்விகளையும் இன்று சேர்த்துவிட்டேன்.